‘க்ரானிக்’ என்றால் முற்றிய நோயா? மருத்துவ அறிக்கையில் வரும் நான்கு சொற்கள்

பித்தப்பைக் கற்களுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு தாயின் மகன், திசுப் பரிசோதனை அறிக்கையைக் கையில் பிடித்தபடி எங்கள் ஆய்வகத்தின் வாசலில் நின்றிருந்தார். “டாக்டர், க்ரானிக்னு போட்டிருக்கே, அம்மாவுக்கு முத்திப் போச்சா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அறிக்கையின் முடிவுரையில் ‘க்ரானிக் கால்குலஸ் கோலிசிஸ்டைட்டிஸ்’ என்றும், அதற்கடுத்த வரியில் புற்றுநோய் காணப்படவில்லை என்ற பொருளில் ‘மாலிக்னன்சி காணப்படவில்லை’ என்றும் இருந்தன. இரண்டாவது வரி அவருடைய அச்சத்தைத் தீர்த்திருக்க வேண்டும். ஆனால் ‘க்ரானிக்’ என்ற சொல்லைத் தாண்டி அவருடைய கண் நகரவே இல்லை.

நோயாளிகள் மீது குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அக்யூட், க்ரானிக், பினைன், மாலிக்னன்ட் என்ற நான்கு சொற்களையும் நம் பேச்சில் ‘லேசானது’, ‘கடுமையானது’ என்னும் ஒரே அளவுகோலில் வைத்துப் பழகிவிட்டோம். அக்யூட் என்பதைத் தமிழில் ‘தீவிர’ என்று எழுதும் வழக்கமும், க்ரானிக் என்பதை ‘முற்றிய’ என்று சொல்லும் வழக்கமும் இந்தக் குழப்பத்தை வளர்த்தன. உண்மையில் இந்தச் சொற்கள் எவையும் கடுமையை அளப்பவை அல்ல. முதல் இரண்டும் காலத்தைப் பற்றியவை. பின்னிரண்டும் செல்களின் நடத்தையைப் பற்றியவை. அந்தத் தாயின் அறிக்கையையே எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

உடைந்த குழாயும் ஓதம் ஏறிய சுவரும்

வீட்டுச் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் ஒருநாள் திடீரென்று உடைந்தால், சில நிமிடங்களில் தரையெல்லாம் நீர் பரவிவிடும். அதே குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கசிவு பல மாதங்களாக இருந்தால் தரை காய்ந்தே இருக்கும். ஆனால் சுவரில் ஓதம் ஏறி, பூச்சு உப்பி, பெயர்ந்து விழத் தொடங்கும். முதலாவது அக்யூட், இரண்டாவது க்ரானிக். அக்யூட் என்றால் அண்மையில், விரைவாகத் தொடங்கியது என்று பொருள். க்ரானிக் என்றால் நீண்ட காலமாக நீடிப்பது, தமிழில் நாட்பட்டது.

எது ஆபத்தானது என்று இந்த ஒப்பீட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? உடைந்தது தோட்டத்துக் குழாய் என்றால் வாளியை வைத்துவிட்டுக் குழாய்க்காரருக்காகக் காத்திருக்கலாம். கசிவு இருப்பது வீட்டைத் தாங்கும் தூணில் என்றால் காத்திருக்க முடியாது. நோய்களும் அவ்வாறே. நான்கு நாள் சளியும் அக்யூட் நோய்தான். மாரடைப்பும் அக்யூட் நோய்தான். ஆண்டுக்கணக்கில் தொல்லை தரும் மூக்கடைப்பும் க்ரானிக்தான்; டயாலிசிஸ் வரை செல்லக்கூடிய சிறுநீரக நோயும் க்ரானிக்தான். கடுமையைக் குறிக்க மருத்துவத்தில் தனிச் சொற்கள் உள்ளன: மைல்ட், மாடரேட், சிவியர். அறிக்கையில் ‘மைல்ட் க்ரானிக் கேஸ்ட்ரைட்டிஸ்’ என்று இருந்தால், இரைப்பையில் நாட்பட்ட, ஆனால் லேசான அழற்சி இருக்கிறது என்பதே பொருள். இரண்டு சொற்களும் முரண்பட்டவை அல்ல. இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

காலத்தை அளப்பது எப்படி?

நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவர் நாட்காட்டியைக் கொண்டு அளக்கிறார். சிறுநீரகப் பாதிப்பு 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் அதை க்ரானிக் என்பார்கள். ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமிக்கு அந்த எல்லை 6 மாதங்கள்.

நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் எங்களிடம் நாட்காட்டி இல்லை; செல்கள்தான் உண்டு. அவற்றைக் கொண்டே காலத்தைக் கணிக்கிறோம். இதைப் புரிந்துகொள்ள அழற்சி என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். உடலின் ஒரு பகுதி காயம்பட்டாலோ கிருமி தாக்கினாலோ, அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, நீரும் வெள்ளையணுக்களும் வெளியே வந்து குவிகின்றன. அந்த எதிர்வினையே அழற்சி. நோயின் பெயர் ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அது பெரும்பாலும் அழற்சியைக் குறிப்பது. முதல் ஒரு நாளில் குவிபவை பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளையணுக்கள். இவை விரைந்து வந்து, தாக்கி, சில நாள்களில் மடிந்துவிடும். சீழில் மிகுதியாக இருப்பவை மடிந்த நியூட்ரோஃபில்களே. காரணம் நீங்காமல் அழற்சி தொடர்ந்தால், லிம்போசைட், பிளாஸ்மா செல் போன்ற வேறு வகை அணுக்கள் வந்து அங்கே தங்கிவிடுகின்றன. அதோடு, சேதமான இடத்தை உடல் நார்த்திசுவால் ஒட்டுப்போடத் தொடங்குகிறது. இந்த நார்த்தழும்பை ஃபைப்ரோசிஸ் என்பார்கள்.

எனவே நாங்கள் ‘க்ரானிக்’ என்று எழுதும்போது, லிம்போசைட்டுகளையும் தழும்பையும் பார்த்தோம் என்றே சொல்கிறோம். “எனக்கு வலி வந்தே இரண்டு வாரம்தான் ஆகிறது, எப்படி க்ரானிக் என்று போடலாம்?” என்று கேட்பவர்கள் பலர். அவர்களுக்கு வலி தெரிந்தது இரண்டு வாரங்களாக. பித்தப்பைக்குள் மாற்றங்கள் தொடங்கியதோ அதற்கு நெடுநாள் முன்பு. ஓதம் ஏறிய சுவரில் பூச்சு விழும் நாளில்தான் கசிவு நம் கண்ணில் படுகிறது என்பதைப் போன்றது இது.

இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. பழைய கசிவு இருந்த அதே குழாய் ஒருநாள் உடைந்தும் போகலாம். அப்போது தழும்புக்கும் லிம்போசைட்டுகளுக்கும் நடுவே புதிதாக வந்த நியூட்ரோஃபில்கள் தெரியும். இதைத்தான் ‘அக்யூட் ஆன் க்ரானிக்’ என்று எழுதுகிறார்கள். நாட்பட்ட நோயின் மேல் புதிய தாக்குதல் ஒன்று நிகழ்ந்திருக்கிறது என்று அதைப் படிக்க வேண்டும்.

சுருக்கமாக: அக்யூட் என்பது புதியது, க்ரானிக் என்பது நாட்பட்டது. இரண்டும் லேசாகவும் இருக்கலாம், கடுமையாகவும் இருக்கலாம்.

இரத்தப் புற்றுநோயில் இதே சொற்கள்

புற்றுநோயின் பெயரிலேயே இந்தச் சொற்கள் வரும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. ‘அக்யூட் லுக்கீமியா’ என்பது முதிராத வெள்ளையணுக்கள் வேகமாகப் பெருகும் இரத்தப் புற்றுநோய். சிகிச்சை தராவிட்டால் வாரங்களிலோ சில மாதங்களிலோ உயிரைப் பறித்துவிடும். ஆனால் குழந்தைகளுக்கு வரும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாவை, உரிய சிகிச்சை முழுமையாகத் தரப்பட்டால், பெரும்பாலான குழந்தைகளிடம் முற்றிலும் குணமாக்க முடிகிறது. மாறாக, முதியவர்களுக்கு வரும் க்ரானிக் லிம்ஃபோசைட்டிக் லுக்கீமியா மெதுவாக நகர்வது. சிலருக்குப் பல ஆண்டுகள் மருந்தே தராமல் கண்காணித்து வருவார்கள். ஆயினும் அதை அடியோடு நீக்குவது பொதுவாகக் கடினம். விரைவாகக் கொல்லக்கூடியது முற்றிலும் குணமாகவும் கூடும் என்பதால், இந்தச் சொற்களிலிருந்து நோயின் வேகத்தை அறியலாமே தவிர, முடிவை அறிய முடியாது.

தொட்டிச் செடியும் சீமைக் கருவேலமும்

இனி மற்ற இரண்டு சொற்களுக்கு வருவோம். இவை பெரும்பாலும் கட்டிகளைப் பற்றியவை. டியூமர் என்றால் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகியதால் உண்டான கட்டி, அவ்வளவுதான். டியூமர் என்றாலே புற்றுநோய் என்று எண்ணுவது தவறு. அது எந்த வகை டியூமர் என்பதைச் சொல்லவே பினைன், மாலிக்னன்ட் என்ற சொற்கள் உள்ளன.

தொட்டியில் வளரும் ஒரு செடி எவ்வளவு பெரிதானாலும் தொட்டிக்குள்ளேயே இருக்கும். சீமைக் கருவேலம் அப்படி அல்ல. அதன் வேர்கள் தன் எல்லையைத் தாண்டி அயல் நிலத்துக்குள் நுழையும். அதன் காய்களைத் தின்ற ஆடுமாடுகள் சாணம் போடும் இடத்திலெல்லாம், தாய் மரத்துக்கு வெகுதொலைவில்கூட, புதிய கன்று முளைக்கும். பினைன் கட்டி தொட்டிச் செடி போன்றது: இருந்த இடத்திலேயே வளரும், அருகிலுள்ள திசுவைத் தள்ளுமே தவிர உள்ளே புகாது. மாலிக்னன்ட் கட்டி கருவேலம் போன்றது: அருகிலுள்ள திசுவுக்குள் ஊடுருவும்; நிணநீர் வழியாகவோ இரத்தத்தின் வழியாகவோ பயணம் செய்து கல்லீரல், நுரையீரல், எலும்பு என்று வேறிடங்களில் முளைக்கவும் கூடும். அந்தத் தொலைப்பரவலை மெட்டாஸ்டாசிஸ் என்பார்கள். புற்றுநோய் என்று நாம் சொல்வது மாலிக்னன்ட் கட்டியைத்தான்.

இந்த வேறுபாட்டை நுண்ணோக்கியில் காண்பதற்கு ஓர் எல்லைக்கோடு உதவுகிறது. உறுப்புகளின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் செல்கள், அடித்தளப் படலம் என்ற மெல்லிய விரிப்பின்மேல் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அந்தச் செல்கள் உருக்குலைந்து ஒழுங்கற்றுப் பெருகினாலும், விரிப்பைத் தாண்டாத வரை அவற்றுக்கு டிஸ்பிளேசியா என்று பெயர். இது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. விரிப்பைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டால் அது ஊடுருவிய புற்றுநோய்.

தமிழில் பினைன் கட்டியைத் ‘தீங்கற்ற கட்டி’ என்று எழுதுகிறோம். இந்த மொழிபெயர்ப்பு எனக்கு முழு உடன்பாடானது அல்ல. மூளையைச் சுற்றியுள்ள உறையில் வளரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் பினைன் கட்டிதான். ஆனால் மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லாததால் மூளையை அழுத்திப் பார்வையையோ கை கால் அசைவையோ பாதிக்கும். கருப்பையில் வரும் ஃபைப்ராய்டு பினைன்தான். ஆயினும் மாதவிடாய்ப் போக்கை மிகுதியாக்கி, இரத்தச் சோகையில் கொண்டுபோய் விடும். தொட்டிச் செடியும் தொட்டியை உடைக்கக்கூடும் அல்லவா? ‘பரவாத கட்டி’ என்று சொல்வதே உண்மைக்கு அருகில் இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. முகத்தோலில் வரும் பேசல் செல் கார்சினோமா மாலிக்னன்ட் வகையைச் சேர்ந்தது. அது மூக்கையும் இமையையும் அரிக்குமே தவிர, தொலைவான உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. சொல் நோயாளிக்கு ஏற்படுத்தும் பாதிப்பை மருத்துவ உலகமும் உணர்ந்தே இருக்கிறது. தைராய்டில் உறைக்குள்ளேயே அடங்கி, எங்கும் ஊடுருவாத ஒரு கட்டி வகைக்கு முன்பு ‘கார்சினோமா’ என்று முடியும் பெயர் இருந்தது. அது புற்றுநோயைப் போல நடந்துகொள்வதில்லை என்று கண்ட பன்னாட்டு வல்லுநர்கள், 2016இல் அந்தச் சொல்லை நீக்கி அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். பெயரை மாற்றியதன் நோக்கமே, தேவையற்ற சிகிச்சையையும் அச்சத்தையும் தவிர்ப்பதுதான்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கட்டிக்குத் தொடர்பே இல்லாத இடங்களிலும் இந்தச் சொற்கள் வரும். தலையைத் திருப்பும்போது வரும் ஒரு வகைத் தலைச்சுற்றலுக்கு ‘பினைன் பொசிஷனல் வெர்டைகோ’ என்று பெயர். உறுப்புகளைச் சேதப்படுத்தும் அளவுக்கு உயர்ந்துவிட்ட இரத்த அழுத்தத்தை ‘மாலிக்னன்ட் ஹைப்பர்டென்ஷன்’ என்பார்கள். இரண்டிலும் கட்டி இல்லை, புற்றுநோயும் இல்லை.

சுருக்கமாக: பினைன் என்றால் ஊடுருவாது, பரவாது, ஆனால் தொல்லை தரலாம். மாலிக்னன்ட் என்றால் ஊடுருவும், பரவவும் கூடும். ஆனால் எவ்வளவு பரவியுள்ளது என்பதை அந்தச் சொல் சொல்லாது. அதை ‘ஸ்டேஜ்’ என்ற வேறொரு சொல் சொல்லும்.

அந்த அறிக்கையை வரிவரியாகப் படித்தால்

அந்த மகனை அமர வைத்து, அறிக்கையை மேலிருந்து கீழாகப் படித்தோம். முதல் பகுதி, கண்ணால் பார்த்ததை எழுதிய குறிப்பு. பித்தப்பையின் நீளம் 8 செ.மீ., சுவரின் தடிப்பு 5 மி.மீ., உள்ளே பல கற்கள். பித்தப்பைச் சுவரின் தடிப்பு இயல்பாக 3 மி.மீ. அளவுக்குள் இருக்கும். ஆகவே இந்தச் சுவர் தடித்திருக்கிறது.

ஏன் தடித்தது? கல் ஒன்று பித்தப்பையின் வாயில் சிக்கும்போது பித்தநீர் வெளியேற முடியாமல் தேங்கி, உள்ளே அழுத்தம் கூடி, சுவரில் அழற்சி உண்டாகிறது. கல் நகர்ந்து விலகினால் வலி நின்றுவிடும். பிறகு மீண்டும் சிக்கும், மீண்டும் விலகும். ஒவ்வொரு முறையும் சிறிது தழும்பு மிஞ்சுகிறது. அந்தத் தாய்க்கு இரண்டு ஆண்டுகளாகவே எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட இரவுகளில் வலது விலாவின் கீழ் வலி வந்து போயிருக்கிறது. வாயு என்று நினைத்துக் கஷாயம் குடித்திருக்கிறார்.

இரண்டாம் பகுதி, நுண்ணோக்கியில் கண்டது: லிம்போசைட்டுகள், பிளாஸ்மா செல்கள், ஃபைப்ரோசிஸ், அதோடு ‘ரோகிடான்ஸ்கி அஷாஃப் சைனஸ்’. கடைசிச் சொல்லை மகன் இணையத்தில் தேடி மேலும் பயந்திருந்தார். ரோகிடான்ஸ்கியும் அஷாஃபும் நோயியல் அறிஞர்கள் இருவரின் பெயர்கள். உள்ளே நீடித்த அழுத்தத்தால், பித்தப்பையின் உட்போர்வை தசைகளின் இடுக்குகளுக்குள் பை போலப் பிதுங்கும். அந்தப் பிதுக்கங்களுக்கே இந்தப் பெயர். நாட்பட்ட அழற்சியில் இவை அடிக்கடி காணப்படுபவை.

இங்குதான் எங்கள் வேலையில் கவனம் தேவைப்படும் இடமும் வருகிறது. தசைக்குள் ஆழமாக, இருக்கக் கூடாத இடத்தில் செல்கள் தெரிகின்றன. புற்றுநோய் ஊடுருவினாலும் இதே இடத்தில்தான் செல்கள் தெரியும். அப்படியானால் வேறுபடுத்துவது எப்படி? பிதுக்கமாக இருந்தால், அதைத் தொடர்ந்து பார்க்கும்போது மேலேயுள்ள உட்போர்வையோடு இணைந்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். செல்களின் உட்கருக்கள் ஒரே அளவில், ஒழுங்காக இருக்கும். ஊடுருவலாக இருந்தால், தொடர்பற்ற கோணல்மாணலான குழிகளாக, பெரிதும் கருமையுமான உட்கருக்களோடு, சுற்றிலும் புதிய நார்த்திசுவோடு தெரியும். அந்தத் தாயின் பித்தப்பையில் இருந்தவை முதல் வகை.

மூன்றாம் பகுதி முடிவுரை. கால்குலஸ் என்றால் கல்லோடு கூடியது. கோலிசிஸ்டைட்டிஸ் என்றால் பித்தப்பை அழற்சி. முழுச் சொற்றொடரின் பொருள், கற்களால் உண்டான நாட்பட்ட பித்தப்பை அழற்சி. அந்த உறுப்பு இப்போது அவருடைய உடலில் இல்லை. ஆகவே அறிக்கை சொல்லும் க்ரானிக் நோய் இனித் தொடரப்போவதும் இல்லை. இதைச் சொன்னபோதுதான் மகன் முகம் தெளிந்தது.

‘காணப்படவில்லை’ என்பதன் எல்லை

‘மாலிக்னன்சி காணப்படவில்லை’ என்ற வரியை அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “அப்படியென்றால் இல்லவே இல்லையா?” என்று கேட்டார். நேர்மையான விடை இது: ஆய்வுக்கு எடுத்த பகுதிகளில் இல்லை. முழுப் பித்தப்பையையும் நுண்ணோக்கியில் பார்ப்பதில்லை. திறந்து விரித்து, கண்ணாலும் விரலாலும் முழுவதையும் ஆராய்ந்த பின், அடிப்பகுதி, நடுப்பகுதி, கழுத்துப்பகுதி, வெட்டிய குழாய் முனை ஆகியவற்றிலிருந்து சிறு துண்டுகளை எடுக்கிறோம். எங்காவது கட்டியோ வழக்கத்துக்கு மாறான தடிப்போ தென்பட்டால் அங்கிருந்து கூடுதலாக எடுப்போம். எடுத்த துண்டில் டிஸ்பிளேசியா இருந்தால் திரும்பிப் போய் இன்னும் பல துண்டுகளை எடுப்போம். முழு உறுப்பும் கையில் இருக்கும்போது இந்த முறை பெரிதும் நம்பத்தக்கது.

ஊசி வழியாக எடுக்கும் பரிசோதனையில் நிலைமை சற்று வேறு. மார்பில் 3 செ.மீ. கட்டி இருந்து, ஊசி அதன் ஓரத்தை மட்டும் தொட்டிருந்தால், ‘பினைன்’ என்று வரும் அறிக்கை அந்த ஓரத்தைப் பற்றியது மட்டுமே. அதனால்தான் மருத்துவர் அறிக்கையைத் தனியாகப் படிப்பதில்லை. ஸ்கேன் படத்தோடும், தன் விரல் உணர்ந்ததோடும் ஒப்பிட்டுப் படிக்கிறார். படம் புற்றுநோயைச் சந்தேகிக்க, ஊசி பினைன் என்று சொன்னால், இரண்டும் பொருந்தவில்லை என்பதால் மறுமுறை திசு எடுக்கச் சொல்வார். இதைக் கேட்டு “ஒருமுறை நல்லது என்று வந்துவிட்டதே, மறுபடி எதற்கு?” என்று சிலர் போகாமலேயே இருந்துவிடுகிறார்கள். மறுபரிசோதனை சொல்லப்படுவது முதல் அறிக்கை பொய் என்பதால் அல்ல. முதல் ஊசி சரியான இடத்தைத் தொட்டதா என்பது உறுதியாகாததால்.

ஐயம் தீராதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. எடுத்த துண்டுகளை மெழுகுக் கட்டிகளாக்கி, கண்ணாடித் தகடுகளோடு ஆய்வகத்தில் பாதுகாத்து வைக்கிறோம். எழுதிக் கேட்டால் அவற்றைப் பெற்றுச் சென்று வேறொரு நோயியல் மருத்துவரிடம் காட்டலாம். நோயாளியின் உடலில் மீண்டும் கத்தி வைக்க வேண்டியதில்லை. அந்த மகனுக்கு அது தேவைப்படவில்லை. அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அதை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். எப்போதும் வைத்திருங்கள் என்றேன். பின்னாளில் அம்மாவுக்கு வயிற்று வலி என்று எந்த மருத்துவரிடம் போனாலும், பித்தப்பை ஏன் எடுக்கப்பட்டது, அதில் என்ன இருந்தது என்று அவர் கேட்பார்.